எதுகை, மோனை, எழுத்தெண்ணிக்கை: நீத்தல் விண்ணப்பம் மனப்பாடம் செய்கிறவர்கள் கேட்கும் கேள்விகள்

உத்தரகோசமங்கையைச் சுற்றியுள்ள ஊர்களில், ராமநாதபுரத்திலிருந்து ஏர்வாடி, கீழக்கரை, மண்டபம் வரை, திருவாசகம் ஓதப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் நீத்தல் விண்ணப்பத்தில் வந்துதான் திணறுகிறார்கள். திருவாசகத்தின் 6ஆம் பகுதி அது. 50 பாட்டு, உத்தரகோசமங்கையில் அருளியது. தொடக்கத்தில் நம்மூர்ப் பேரே பாட்டுக்குப் பாட்டு வருவதால் ஆசையோடு ஆரம்பித்துவிட்டு, பத்தாவது பாட்டுக்குள் வரிகள் ஒன்றோடொன்று கலந்துபோய் நிற்கிறார்கள். இவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் கீழே உள்ளன. எல்லாவற்றுக்கும் முதல் பாட்டையே உதாரணமாக வைத்திருப்பதால் அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுங்கள்.

கடையவ னேனைக் கருணையி னாற்கலந் தாண்டுகொண்ட
விடையவ னேவிட் டிடுதிகண் டாய்விறல் வேங்கையின்தோல்
உடையவ னேமன்னும் உத்தர கோசமங் கைக்கரசே
சடையவ னேதளர்ந் தேனெம்பி ரானென்னைத் தாங்கிக்கொள்ளே

எதுகை, மோனைன்னு பள்ளிக்கூடத்துல படிச்சது. இப்ப எது எதுன்னே மறந்துபோச்சு. சுருக்கமாச் சொல்லுங்க.

வரிகளின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் எதுகை. கடை, விடை, உடை, சடை: நான்கிலும் இரண்டாம் எழுத்து 'டை'. கூடவே ஒரு நிபந்தனை உண்டு, இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். முதல் எழுத்தின் அளவும் ஒக்க வேண்டும். க, வி, உ, ச நான்கும் குறில். 'கடை'க்கு 'விடை' எதுகை. 'வாடை' எதுகை ஆகாது.

முதல் எழுத்து ஒத்து வந்தால் மோனை. அது பெரும்பாலும் ஒரே வரிக்குள் வரும்: 'கடையவ'வுக்குக் 'கருணையி', 'உடையவ'வுக்கு 'உத்தர'. அதே எழுத்துத்தான் வரவேண்டும் என்பதில்லை, இன எழுத்தும் போதும். மெய்யில் ச–த, ந–ஞ, ம–வ இனம். உயிரில் அ, ஆ, ஐ, ஔ ஒரு கூட்டம். இ, ஈ, எ, ஏ ஒரு கூட்டம். உ, ஊ, ஒ, ஓ ஒரு கூட்டம். நான்காம் வரியில் 'சடையவ'வுக்கு 'தாங்கிக்கொள்ளே' மோனையாவது இதனால்தான்: ச–த இனம், அ–ஆ ஒரே கூட்டம்.

சினிமாப் பாட்டுல வரிக்கடைசிதான ஒத்துவருது. இதுல மட்டும் ஏன் வரி ஆரம்பத்துல?

கடைசியில் ஒத்துவருவதற்கு இயைபு என்று பெயர், அதுவும் தமிழில் பழையதுதான். மனப்பாடம் என்று வரும்போது இரண்டும் செய்யும் வேலை வேறு. இயைபு வரி முடிந்த பிறகுதான் காதில் விழுகிறது. சொன்னது சரி என்று உறுதிப்படுத்தும், அவ்வளவுதான். மறதி வருவதோ வரியை எடுக்கிற இடத்தில். ஒருவருக்கு அடுத்த வரி நினைவில்லை என்றால் அவருக்கு வேண்டியது அதன் முதல் சொல். 'கடை' என்று ஆரம்பித்தவருக்கு அடுத்து 'ஏதோ ஒரு குறில், அப்புறம் டை' என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. எடுத்துக்கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் எதுகையே எடுத்துக்கொடுக்கும்.

மோனையின் வேலை வரியின் நடுவில். முதல் பாட்டில் ஒன்றாம், மூன்றாம் வரிகளில் மோனை மூன்றாம் சீரில், அதாவது இடைவெளி விட்டுப் பிரித்த மூன்றாம் துண்டில், விழுகிறது (கடை–கரு, உடை–உத்). இரண்டாம், நான்காம் வரிகளில் ஐந்தாம் சீரில் விழுகிறது (விடை–வேங், சடை–தாங்). ஒரு வரி நடுவில் பிடி கொடுக்கிறது, அடுத்த வரி கடைசியில் கொடுக்கிறது. மெதுவாக ஓதிப் பார்த்தால் இந்த மாற்றி மாற்றி வருகிற அசைவு தெரியும்.

புத்தகத்துல 'னேனைக்', 'னாற்கலந்', 'டாய்விறல்'னு கன்னாபின்னான்னு உடைச்சுப் போட்டிருக்கு. அச்சுப்பிழையா?

பிழை இல்லை. அது சீர் பிரித்த பதிப்பு. சொல் எங்கே முடிகிறது என்று பார்க்காமல், ஓசை எங்கே துண்டாகிறது என்று பார்த்து இடைவெளி விட்டிருக்கிறார்கள். 'கடையவனேனைக் கருணையினால் கலந்து ஆண்டுகொண்ட' என்று சொல் பிரித்த பதிப்புகளும் கிடைக்கும்.

இரண்டும் வேண்டும், ஆனால் ஒரே நேரத்தில் வேண்டாம். பொருள் புரிய முதலில் சொல் பிரித்ததைப் படியுங்கள். 'கடைப்பட்ட என்னைக் கருணையால் கலந்து ஆட்கொண்ட, விடை ஏறியவனே, என்னை விட்டுவிடுவாயோ' என்கிற ஓட்டம் பிடிபட்டதும் அந்தப் புத்தகத்தை மூடிவிட்டு, ஓதுவதற்குச் சீர் பிரித்ததை எடுங்கள். சொல் பிரித்ததை வைத்தே மனப்பாடம் செய்தவர்களுக்கு 'கலந்து ஆண்டு' என்று உகரம் நீண்டு ஓர் எழுத்து கூடிவிடும். பிறகு திருத்துவது கஷ்டம்.

அசை, சீர், தளைன்னு அவ்வளவு இலக்கணமும் தெரிஞ்சாத்தான் ஓதமுடியுமா?

வேண்டாம். இந்த அளவு போதும். நேர், நிரை என்று அசை இரண்டே வகை. தனிக் குறிலோ தனி நெடிலோ, பின்னால் ஒற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், நேர். இரண்டு குறில் சேர்ந்தோ, குறிலும் நெடிலும் சேர்ந்தோ வந்தால் நிரை. இதிலும் பின்னால் ஒற்று வரலாம். 'கடை|யவ' என்பது நிரை நிரை. 'னே|னைக்' என்பது நேர் நேர். சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வரும் ஐ குறுகி ஒலிப்பதால் 'கருணையி' என்பது 'கரு|ணையி' என்று நிரை நிரை ஆகும்.

அசைகள் சேர்ந்தது சீர். நீத்தல் விண்ணப்பத்தில் வரிக்கு ஐந்து சீர். இந்த யாப்புக்குக் கட்டளைக் கலித்துறை என்று பெயர்.

'தளை தட்டுது'ன்னு ஓதுவார் சொல்றார். எனக்குக் காதுல ஒண்ணும் தட்டலையே?

ஒரு சீர் முடிகிற விதமும் அடுத்த சீர் தொடங்குகிற விதமும் பொருந்துவதுதான் தளை. இங்கே வரிக்குள் வரவேண்டியது வெண்டளை. ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் அடுத்தது நிரையில் தொடங்க வேண்டும். நிரையில் முடிந்தால் அடுத்தது நேரில் தொடங்க வேண்டும். மூவசைச் சீர் நேரில் முடிந்தால் அடுத்ததும் நேரில் தொடங்க வேண்டும்.

காதைப் பழக்க, இதற்கென்றே கட்டிய ஒரு சின்னக் குறள் வெண்பா:

அலையறிந்து செல்வார்க் கருங்கடலும் தோட்டம்
வலையறிந்து வீசும் வரை

இதைச் சொல்லிவிட்டு, 'வீசும்' இருக்கிற இடத்தில் 'எறியும்' போட்டுச் சொல்லுங்கள்: 'வலையறிந்து எறியும் வரை'. பொருள் அதேதான். 'வலையறிந்து' மூவசை, நேரில் முடிகிறது. அடுத்தது 'வீ' என்று நேராக வரவேண்டிய இடத்தில் 'எறி' என்று நிரை வந்துவிட்டது. நாக்கு அங்கே ஓர் இம்மி அவசரப்படும். அந்த அவசரம்தான் தட்டல். காதுக்குத் தெரியாவிட்டாலும் வாய்க்குத் தெரியும், அதனால் வாய்விட்டுச் சொல்லித்தான் சோதிக்க வேண்டும்.

ஒரு வரிக்கு 17 எழுத்துன்னு சொல்றாங்க. எண்ணினா எனக்கு 20க்கு மேல வருது.

புள்ளி வைத்த எழுத்தையும் சேர்த்து எண்ணியிருப்பீர்கள். ஒற்றையும் ஆய்தத்தையும் தள்ளிவிட்டு உயிரையும் உயிர்மெய்யையும் மட்டும் எண்ண வேண்டும். குறில், நெடில், ஐ எல்லாம் ஆளுக்கு ஒன்று. முதல் வரி: க, டை, ய, வ, னே (5), னை (6), க, ரு, ணை, யி (10), னா, க, ல (13), தா, டு, கொ, ட (17). மற்ற மூன்று வரிகளையும் இப்படியே எண்ணுங்கள், நான்கிலும் 17 வரும்.

கட்டளைக் கலித்துறையில் 'கட்டளை' என்பது இந்த எண்ணிக்கைதான். எல்லாப் பாட்டுக்கும் 17 என்று நினைத்துவிடாதீர்கள். வரி நிரையில் தொடங்கினால் 17, நேரில் தொடங்கினால் 16. முதல் பாட்டு 'கடை' என்று நிரையில் தொடங்குகிறது. மூன்றாம் பாட்டு 'காருறு' என்று நேரில் தொடங்குகிறது, அதன் நான்கு வரியிலும் 16தான்.

முதல் பாட்டைத்தான் எழுதி எண்ணினேன். முதல் வரில 16 வருது, மத்ததுல 17. எங்க தப்பு?

'கருணையினால்' என்பதைக் 'கருணையால்' என்று எழுதியிருக்கிறீர்களா பாருங்கள். அடிக்கடி நடப்பது இது. பேச்சில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை, பொருளும் மாறவில்லை, அதனால் மனசு எளிதானதை வைத்துக்கொள்கிறது. 'கருணையால் கலந்தாண்டுகொண்ட' என்றால் ஓர் எழுத்து குறைந்து 16 ஆகிவிடும். தளையும் போய்விடும்: 'கருணையால்' நிரையில் முடிகிறது, அடுத்து நேர் வரவேண்டிய இடத்தில் 'கலந்' என்று நிரை நிற்கிறது. எண்ணிக்கையிலும் நாக்கிலும் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்ளும் பிழை இது.

எதிர்த் திசையிலும் நடக்கும். 'தளர்ந்தேன்' என்பதைப் பேச்சு வழக்கில் 'தளர்ந்துவிட்டேன்' ஆக்கினால் நான்காம் வரி 19க்கு ஏறிவிடும். பாட்டைப் பேச்சு தன் பக்கம் இழுக்கும்போதெல்லாம் எண்ணிக்கை கூடும் அல்லது குறையும். சந்தேகம் வந்தால் வரியை விரல் விட்டு எண்ணுங்கள், புத்தகம் தேட வேண்டியதில்லை.

அப்ப 'தாங்கிக்கொள்ளே'யை அசை பிரிச்சா நாலசை வருதே? மூணுதான வரணும்?

சரியாகவே பிடித்திருக்கிறீர்கள். வரியின் ஐந்தாம் சீர் 'தாண்|டுகொண்|ட', 'வேங்|கையின்|தோல்', 'கைக்|கர|சே' என்று நடுவில் நிரையோடு மூவசையாக வரவேண்டும். 'தாங்|கிக்|கொள்|ளே' நாலு நேராக உடைகிறது. 'கிக்' என்பதில் உள்ள ஒற்றை விட்டு 'தாங்|கிகொள்|ளே' என்று வைத்தால் கணக்கு நேராகும். இரண்டாம் பாட்டின் முதல் வரி முடிவில் வரும் 'கொவ்வைச்செவ்வாய்' என்பதும் இதே மாதிரிதான்.

இரண்டு இடத்திலும் எழுத்தெண்ணிக்கை மட்டும் அசையவில்லை, முறையே 17, 16. ஓதும்போது இந்த ஒற்றை விழுங்கவும் வேண்டாம், அழுத்தவும் வேண்டாம். அழுத்தினால் வரி முடிவு இழுபடும்.

எங்க அப்பா கரைவலை இழுக்கும்போது அம்பா பாடுவாரு. ஒரு எழுத்தும் எண்ணலை, ஆனா அம்புட்டுப் பாட்டு வாய்ல இருந்துச்சு. இதுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கணக்கு?

அம்பா பாட்டில் கணக்கு உண்டு, ஆனால் அது எழுத்தில் இல்லை, இழுப்பில் இருக்கிறது. முன்பாட்டுக்காரர் ஒரு வரி விடுவார், கயிற்றைப் பிடித்திருக்கிறவர்கள் 'ஏலேலோ', 'ஐலசா' என்று எடுப்பார்கள், அந்த எடுப்பில் இழுவை விழும். முன்பாட்டு வரி இழுவைக்குள் அடங்கினால் போதும். சொல் குறைந்தால் இழுத்துப் பாடுவார், கூடினால் வேகமாகச் சொல்லி அடைப்பார். அதனால்தான் அன்றைய மீன்பாட்டையும் காற்றையும் பக்கத்தில் நிற்கிறவர்மேல் கேலியையும் அங்கேயே சேர்த்துப் பாட முடிகிறது. உங்கள் அப்பா வாயில் இருந்தது பெரும்பாலும் பாட்டின் அச்சு. அதில் சொல் நாளுக்கு நாள் மாறியிருக்கும், யாரும் அதைப் பிழை என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

நீத்தல் விண்ணப்பத்தில் ஒரு சொல்லும் மாறக்கூடாது. தாளம் மட்டும் இருந்தால் அதே நீளத்தில் எந்தச் சொல்லும் வந்து உட்கார்ந்துவிடும். எதுகையும் மோனையும் எண்ணிக்கையும் சேர்ந்திருந்தால் வரக்கூடிய சொற்கள் மிகக் குறைந்துவிடும். நல்ல ராகத்தில் பாடினால் தானாக நிற்கும் என்று சிலர் நம்புவதற்கும் இதுதான் பதில். ராகம் 'கருணையால்' என்று பாடினாலும் 'ஆ'வை இழுத்து அந்தப் பிழையை மூடிவிடும். முதலில் ராகம் இல்லாமல் ஓதிப் பழகுவது நல்லது.

மூணாவது வரில 'உத்தரகோசமங்கைக்கரசே' சொன்னதும் வேற ஏதோ பாட்டோட நாலாவது வரி வந்துடுது. இதுக்கு என்ன வழி?

இந்தப் பகுதியில் எல்லாரும் வழுக்கும் இடம் இது. தொடக்கப் பாட்டுகளில் இரண்டாம் வரியில் 'விடுதிகண்டாய்', மூன்றாம் வரி முடிவில் 'உத்தரகோசமங்கைக்கரசே' என்று மாறாத துண்டுகள் வருகின்றன. மாறாத துண்டு மனப்பாடச் சுமையைக் குறைக்கும். ஆனால் எல்லாப் பாட்டும் அதே சந்தியில் கூடுவதால், அங்கிருந்து எந்தத் தெருவில் திரும்புவது என்று குழம்பும்.

திரும்ப வேண்டிய தெருவைச் சொல்வது எதுகை. 'அரசே' என்று முடித்ததும் அதையே பிடித்துக்கொண்டு அடுத்த சொல்லைத் தேடாதீர்கள்; அந்த மூன்றாம் வரி எப்படித் தொடங்கியது என்று மனசுக்குள் தொடுங்கள். 'உடை' என்றால் 'சடையவனே'. 'உள்ளேன்' என்றால் 'கள்ளேன்'. 'ஊருறைவாய்' என்றால் 'வாருறு பூண்முலையாள்'. ஓதும்போது வரியின் முதல் சீருக்குப் பிறகு கொஞ்சம் நிறுத்தி ஓதினால் அந்தச் சீர் காதில் தங்கி, வரி முடிவில் கைகொடுக்கும். வரியை ஒரே மூச்சில் ஓட்டுகிறவர்கள்தான் அதிகம் தாவுகிறார்கள்.

இரண்டாவது, மூணாவது வரி ஆரம்பம் எல்லாம் ஒரே மாதிரி கேக்குதே. என் பிரமையா?

பிரமை இல்லை. இந்தப் பகுதியை மனப்பாடம் செய்ய இதைவிட நல்ல பிடி கிடையாது. முதல் நான்கு பாட்டுகளின் இரண்டாம் வரித் தொடக்கம்: விடையவனே, விள்ளேன், வேருறுவேனை, மிளிர்கின்ற. மூன்றாம் வரித் தொடக்கம்: உடையவனே, உள்ளேன், ஊருறைவாய், ஒளிர்கின்ற.

காரணம் அந்த மாறாத துண்டுகள்தான். இரண்டாம் வரியில் 'விடுதி' இருக்கிறது, ஆகவே மோனைக்கு வரி வி, வே அல்லது இன எழுத்தான மி என்று தொடங்குகிறது. மூன்றாம் வரியில் 'உத்தர' இருக்கிறது, ஆகவே வரி உ, ஊ, ஒ என்று தொடங்குகிறது. முதல் எழுத்தை மோனை கொடுத்துவிட்டது, இரண்டாம் எழுத்தை எதுகை கொடுக்கிறது. எதுகை 'டை' என்றால் வி+டை, உ+டை. எதுகை 'ள்ளே' என்றால் விள்ளேன், உள்ளேன். எதுகை 'ரு', முன்னால் நெடில் வேண்டும் என்றால் வேரு, ஊரு. எதுகை ள-வரிசை என்றால் மிளிர், ஒளிர்.

ஆக இந்தத் தொடக்கப் பாட்டுகளில் ஒன்றின் முதல் சொல் தெரிந்தால் நான்கு வரித் தொடக்கங்களில் மூன்று கையில் வந்துவிடுகின்றன. தனியாக மனசில் வைக்க வேண்டியது நான்காம் வரித் தொடக்கம் ஒன்றுதான், அதற்கும் எதுகை பாதி வழி காட்டுகிறது. இதைத் தெரிந்துகொண்டு படிப்பதும் தெரியாமல் 200 வரியை உருப்போடுவதும் ஒரே வேலை இல்லை.

மூணாவது பாட்டுல 'ஊருறைவாய்'னு சொல்றீங்க, என் புத்தகத்துல 'ரூருறை'ன்னு இருக்கு. எதை ஓதணும்?

புத்தகத்தில் உள்ளபடியே ஓதுங்கள். 'திருவாரூர் உறைவாய்' என்பதுதான் சொல். அது இரண்டாம் வரி முடிவில் 'திருவா' என்று நின்று, மூன்றாம் வரி 'ரூருறை வாய்மன்னு முத்தர கோசமங் கைக்கரசே' என்று தொடங்குகிறது. ஊர்ப்பெயரை உடைத்ததே எதுகைக்காகத்தான்: காருறு, வேருறு, ரூருறை, வாருறு.

சொல் பிரித்த பதிப்பில் 'திருவாரூர்' முழுதும் இரண்டாம் வரியில் போய்விட்டால் மூன்றாம் வரி 'உறைவாய்' என்று தொடங்கும். எதுகை போயிற்று, எண்ணிக்கையும் போயிற்று. மூன்றாம் கேள்வியில் சீர் பிரித்த பதிப்பை எடுக்கச் சொன்னதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது. 'திருவா' என்று முடித்து மூச்சு விடாமல் அடுத்த வரிக்குப் போங்கள், ஊர்ப்பெயர் உடைந்தது கேட்கிறவருக்குத் தெரியாது.

அந்தாதின்னா கடைசிச் சொல்லே அடுத்த பாட்டோட முதல் சொல்லா வரணும். ரெண்டாவது பாட்டு 'காரணமே'ன்னு முடியுது, மூணாவது 'காருறு'ன்னு தொடங்குது. விட்டுப்போச்சா?

விட்டுப்போகவில்லை. அந்தாதிக்கு முழுச் சொல் வேண்டியதில்லை. எழுத்தோ அசையோ சீரோ தொடர்ந்தாலும் போதும். இங்கே பிடி ஒரே பலத்தில் இல்லை. முதல் பாட்டு 'தாங்கிக்கொள்ளே', அடுத்தது 'கொள்ளேர்': ஓசை அப்படியே வருகிறது, பொருள் வேறு. மூன்றிலிருந்து நான்கு 'வளர்ப்பவனே – வளர்கின்ற': சொல்லின் வேரே தொடர்கிறது. 'காரணமே – காருறு' மெல்லிய பிடி. இப்படி மெலிந்த இணைப்புகளில்தான் பாட்டு விட்டுப்போகும். ஆகவே 50 இணைப்புகளையும் தனியாக ஒரு தாளில் எழுதி, மெலிந்தவற்றுக்கு மட்டும் கோடு போட்டு அதிகம் சொல்லிப் பழகுங்கள். 50ஆம் பாட்டு 'கடையவனே' என்று முடிந்து முதல் பாட்டுக்கே திரும்பிவிடும். நடுவில் ஒரு பாட்டை விட்டிருந்தால் அந்த இடத்தில் சங்கிலி பொருந்தாமல் தெரிந்துவிடும்.

நாங்க கீழக்கரை. சீறாப்புராணத்துக்கும் இந்த 16, 17 கணக்கு உண்டா?

இல்லை. உமறுப்புலவர் பாடியது விருத்தத்தில். அங்கே எழுத்தெண்ணிக்கை கிடையாது. முதல் வரியில் சீர்கள் எந்த வாய்பாட்டில் வந்தனவோ அதே வரிசை மற்ற மூன்று வரியிலும் வரும். எதுகை நான்கு வரிக்கும் ஒன்று. ஒரு வரியின் ஓசை பிடிபட்டால் மற்ற மூன்றும் அதே அச்சில் விழும். வரிக்கு வரி சோதிக்க, முதல் வரியின் ஓசையை மேலே வைத்துப் பார்க்க வேண்டும்.

5027 பாட்டுள்ள அந்தக் காப்பியத்தில் பாட்டுக்குப் பாட்டு அந்தாதி இல்லை. அடுத்த பாட்டு எது என்பதைக் கதைதான் சொல்லும். நீத்தல் விண்ணப்பத்தில் கதை கிடையாது, 50 பாட்டும் ஒரே வேண்டுதல். வரிசையை வைத்துக்கொள்ள அந்தாதி தேவைப்படுவது அதனால்தான்.

சரி, எந்த வரிசைல மனப்பாடம் பண்ணணும்?

முதலில் பொருள். பிறகு நான்கு வரித் தொடக்கங்களை மட்டும் சொல்லுங்கள்: கடையவ, விடையவ, உடையவ, சடையவ. தடுமாறாமல் வந்ததும் ஒவ்வொரு வரியிலும் மோனைச் சீரைச் சேருங்கள்: கடையவ–கருணையி, விடையவ–வேங்கையின்தோல், உடையவ–உத்தர, சடையவ–தாங்கிக்கொள்ளே. அதன்பிறகுதான் இடைவெளிகளை நிரப்ப வேண்டும். பார்க்காமல் எழுதி, ஒற்றைத் தள்ளி எண்ணுங்கள். எண்ணிக்கை இடிக்கிற வரியை மட்டும் புத்தகத்தோடு ஒப்பிட்டால் போதும்.

ஒரு பாட்டு நின்றதும் அடுத்ததற்குப் போகுமுன் இணைப்பைச் சேர்த்துச் சொல்லுங்கள்: முதல் பாட்டின் நான்காம் வரியையும் இரண்டாம் பாட்டின் முதல் வரியையும் ஒன்றாக. தனித்தனியாக நன்றாக வரும் பாட்டுகள் தொடர்ந்து ஓதும்போது அறுவது, இந்த மூட்டைச் சொல்லிப் பழகாததால். நாளைக்கு ஒரு பாட்டுக்கு மேல் வேண்டாம்; இரண்டு பாட்டை ஒரே நாளில் எடுத்தால் இரண்டு எதுகையும் முட்டிக்கொண்டு, மேலே சொன்ன தாவல் தொடங்கிவிடும்.

எதுகை சரி, எண்ணிக்கை சரி, தளையும் தட்டலை. ஆனாலும் ஓதுவார் தப்புன்னு சொல்றாரே?

அப்படியும் நடக்கும். 'விறல் வேங்கையின்தோல்' என்பதைக் 'கொடு வேங்கையின்தோல்' என்று சொல்லிப் பாருங்கள். விறல், கொடு இரண்டும் ஒற்று நீங்கலாக இரண்டெழுத்து, இரண்டும் நிரை. எண்ணிக்கை 17தான், தளையும் அப்படியே இருக்கும். வரித் தொடக்கத்துக்கு எதுகையும், விடை–வேங்கை மோனையும் கெடவில்லை. பொருளும் முட்டவில்லை, கொடிய வேங்கை என்று ஆகிவிடுகிறது.

போனது ஒன்றுதான்: அந்த வரியில் விடை, விட்டிடுதி, விறல், வேங்கை என்று வகரம் நான்கு இடத்தில் விழுகிறது, அதில் ஒன்று விட்டுப்போயிற்று. சீரின் முதலில் வராத மோனை இது, 'டாய்விறல்' என்று சீருக்குள் ஒளிந்திருக்கிறது. யாப்பின் கணக்கு இதைப் பிடிக்காது. பழகிய காது பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். சீருக்கு நடுவில் தொடங்கும் இரண்டெழுத்து அடைமொழிகள் எல்லாமே இந்த ஆபத்தில் உள்ளவை. பாட்டுக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். புத்தகத்தில் அவற்றின்மேல் பென்சிலால் குறித்துவைத்து, மாதம் ஒருமுறை அவற்றை மட்டும் பார்த்துச் சரிபாருங்கள்.